முதல் நாள் உடற்பயிற்சி கிடையாது

திருச்சியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அதை விட்டுவிட்டு, படுக்கையில் இருக்கும் பெரியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம் என்று தொடங்கியபோது என்னிடம் ஒரு ஸ்கூட்டி, ஒரு பிபி மெஷின், கரண்ட் வைக்கிற சின்னக் கருவி, இவ்வளவுதான் இருந்தன. பத்து சிட்டிங்குக்கு 6,000 ரூபாய் என்று ஒரு கணக்கு வைத்தேன். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம், நாளைக்கு ஆறு வீடு.

மூன்றாவது மாதம் உறையூரில் ஒரு பாட்டி. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து வந்திருந்தார். தினமும் போய்க் காலை மடக்கி நீட்டினேன், முழங்கால் நன்றாகவே மடங்க ஆரம்பித்தது. ஒன்பதாவது நாள் அறைக்குள் நுழையும்போதே ஒரு வாடை. பாட்டியை ஒருக்களித்துப் பார்த்தால், முதுகு முடிந்து பிட்டம் தொடங்கும் இடத்தில் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்துப் போயிருந்தது. படுக்கைப்புண். அந்த ஒன்பது நாளில் ஒரு நாள்கூட நான் அவரைத் திருப்பிப் பார்க்கவில்லை. அது ஆற மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நாளும் அவரை நிமிர்ந்து உட்கார வைக்க முடியவில்லை. மடங்கிய முழங்காலால் அவருக்கு என்ன பயன்?

அதன் பிறகு இரண்டு விஷயங்களை மாற்றினேன். வீட்டு நர்சிங்கில் அனுபவமுள்ள ஒரு சிஸ்டரைச் சேர்த்துக்கொண்டேன். யூரின் ட்யூப் மாற்றுவது, மூக்கு ட்யூப் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி அவர் செய்வார், நான் தொடமாட்டேன். இரண்டாவது, முதல் நாள் உடற்பயிற்சியே கிடையாது. இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து தலை முதல் கால் வரை பார்ப்போம். பல வீடுகளில் இது பிடிக்காது. "கரண்ட் வைக்கலையா மேடம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று எனக்கே புரிய வைத்தது ஸ்ரீரங்கத்தில் பார்த்த ஒரு வீடு. ஐயாவுக்கு 74 வயது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏழு வாரமாகப் படுக்கை. மகன் வேலைக்குப் போய்விடுவார், பார்த்துக்கொள்வது மனைவியும் மருமகளும்தான்.

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தோம். அப்புறம் ஐயாவைத் திருப்பினோம். பிட்டத்துக்கு மேலே சிவப்பாக ஒரு திட்டு. விரலால் அழுத்தி எடுத்தால் சாதாரணச் சிவப்பு ஒரு நொடி வெளுத்துவிட்டுத் திரும்பும். இது வெளுக்கவில்லை. உள்ளே ரத்த ஓட்டம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வலது குதிகாலிலும் அப்படியே. பிட்டத்துக்கு அடியில் காற்றடித்த ரப்பர் வளையம் ஒன்று வைத்திருந்தார்கள். அந்த வளையத்தின் விளிம்பே சுற்றிலும் அழுத்தி, நடுவில் இருக்கிற தோலுக்கு ரத்தம் போகவிடாமல் செய்யும். அதை எடுத்துவிட்டோம்.

அடுத்து தோள். வலது தோள்மூட்டுக்குக் கீழே என் ஆள்காட்டி விரல் பதிகிற அளவுக்கு இடைவெளி. விளங்காத கையின் தசை மூட்டைப் பிடித்து வைக்காது, அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் எலும்பு கீழே இறங்கிவிடும். எப்படித் தூக்குகிறீர்கள் என்று கேட்டேன். அம்மா உடனே அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் காட்டினார்கள், ஐயா முகத்தைச் சுளித்தார். பேச்சு வராததால் வலிக்கிறது என்று ஏழு வாரமாக அவரால் சொல்ல முடியவில்லை. முழங்காலை மடக்கிவிட்டு, தோள்பட்டையின் பின்பக்கத்தையும் இடுப்பையும் பிடித்து நம் பக்கமாக உருட்ட வேண்டும் என்று செய்து காட்டினேன். மருமகள் இரண்டாவது தடவையிலேயே பிடித்துக்கொண்டார். "இவ்ளோ லேசாவா இருக்காரு மாமா!" என்றார்.

கடைசியாக உட்கார வைத்துப் பார்த்தோம். படுத்திருக்கையில் 140 இருந்த மேல் பிரஷர், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த மூன்றாவது நிமிடம் 112. முகம் வேர்த்தது, படுக்க வைத்துவிட்டோம். வாரக்கணக்கில் படுத்தே இருக்கும் உடம்பு சட்டென்று நிமிர்ந்தால் ரத்தத்தை மேலே தூக்கிக் கொடுக்கத் தடுமாறும். 20-க்கு மேல் இறங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுவோம். பிரஷர் மாத்திரை விஷயம் அவர்களுடைய டாக்டருடையது, அளவுகளை எழுதி அவரிடம் காட்டச் சொன்னோம்.

முதல் வாரம் மூன்று தடவை போனோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட்டு எழுத ஒரு தாளைச் சுவரில் ஒட்டினோம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் எதிலும் படாமல் தொங்க வைத்தோம். காற்று மாறி மாறி ஏறி இறங்கும் ஆல்ஃபா பெட் வாங்கினார்கள். அது இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். ஐயாவின் பிட்டத்துக்கு நேர் கீழே, பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தோம். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை என்று பொருள். பத்து நாளில் சிவப்பு மறைந்தது. உட்காருவது ஐந்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடத்துக்கு வந்தது.

நான்காவது வாரம் மருமகள் போன் செய்தார். வலது காலில் வீக்கம், எண்ணெய் போட்டு நன்றாக உருவிவிடலாமா என்று கேட்டார். தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். இரண்டு கெண்டைக்காலையும் முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் டேப் வைத்து அளந்தால் வலது கால் மூன்றரை சென்டிமீட்டர் அதிகம், தொட்டால் சூடு. ஒரு கால் மட்டும் இப்படி வீங்கினால் ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம், உருவினால் அது பிய்ந்து நுரையீரலுக்குப் போய் ஆளையே சாய்த்துவிடும். அன்று மாலையே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், கட்டிதான். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தொடங்கினார்கள். டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் மறுபடி பயிற்சியை ஆரம்பித்தேன்.

இப்படி நடத்துவதில் எனக்கு வருமானம் குறைந்தது, உண்மைதான். தினமும் போனால் மாதம் 18,000 ரூபாய் வருகிற வீட்டில், மருமகள் கற்றுக்கொண்டுவிட்டதால் இரண்டாவது மாதம் வாரம் ஒரு தடவைதான் போனேன். ஆனால் அந்த ஒரு தெருவிலிருந்தே மூன்று வீடுகள் வந்தன. எட்டு கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டதால் பெட்ரோலும் நேரமும் மிச்சமானது. பணம் கட்ட முடியாத வீடுகளிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார், கட்டணம் கிடையாது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஐயா நடக்கவில்லை. வலது கை விரல்களும் திறக்கவில்லை. இவ்வளவுதான் வரும் என்று மூன்றாவது மாதம் மகனிடம் மனசு கேட்காமல்தான் சொன்னேன். ஆனால் ஒருவர் பிடித்துக்கொண்டால் எழுந்து நின்று, திரும்பி, நாற்காலியில் உட்காருகிறார். காலை காபி வாசல் திண்ணைப் பக்கத்து நாற்காலியில்தான். மாதம் ஒருமுறை போகிறேன், நாற்காலியில் இருந்தாலும் முதலில் குனிந்து குதிகாலைப் பார்த்துவிடுகிறேன். சுவரில் இப்போது ஒட்டியிருப்பது பதினான்காவது தாள். இரவு இரண்டு மணிக் கட்டத்தில் மகனின் கையெழுத்து இருக்கிறது.