ராணி இல்லாத மாரியாயி

இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழும், நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். தமிழ்த்தினப் போட்டிக்காக ஒரு வருடம் நானே நாடகம் எழுதினேன். முதல் ஒத்திகையிலேயே அது படுத்துவிட்டது.

கதை சின்னதுதான். கொழுந்தெடுக்கிற மாரியாயி தன் ஒவ்வொரு நாள் நிறுவையையும் லயத்துச் சுவரில் கரியால் குறித்து வைக்கிறாள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கிற கிலோ, கழிக்க வேண்டியதை விட அதிகம் என்று ஒருநாள் அந்தக் கணக்கை வைத்தே காட்டுகிறாள். அவளுக்கு எதிராகக் கணக்கப்பிள்ளையை நிறுத்தியிருந்தேன். அவர் குறைக்கிறார், இவள் பொறுக்கிறாள். திரும்பவும் குறைக்கிறார், திரும்பவும் பொறுக்கிறாள். பின் வரிசையில் இருந்த ஒரு பையன், "சேர், இந்த அக்கா பயந்தவவா, பொறுமையானவவா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நாடகத்திலும் அந்தப் பதில் இல்லை.

அந்தக் கிழமை 'அன்பே சிவம்' (2003) படத்தை மறுபடி பார்த்தேன். மழையால் விமானம் இல்லாமல் புவனேஸ்வரில் மாட்டிக்கொள்ளும் இரண்டு பேர். நல்லசிவம் தொழிற்சங்கக்காரன். அன்பரசு விளம்பரப் படக்காரன். சொந்தப் பெயரையே அரஸ் என்று சுருக்கிக்கொண்டவன். அரஸ் எரிந்து விழ விழத்தான் நல்லசிவத்தின் நிதானம் நம் கண்ணுக்குப் படுகிறது. அவனை எடுத்துவிட்டால் நல்லசிவம் பிரசங்கியாகிவிடுவார். ஆனால் அரஸ் வில்லன் இல்லை. இரண்டு பேருக்கும் சென்னைக்குத்தான் போக வேண்டும். நல்லசிவம் நேசித்த பெண்ணைத்தான் அரஸ் கட்டப் போகிறான் என்பதுகூடப் பிறகு தெரியவருகிறது.

என் பிழை அங்கேதான் பிடிபட்டது. கணக்கப்பிள்ளை மாரியாயியின் வழியை மறிக்கிற ஆள். மறிப்பவரால் அவள் எவ்வளவு தாங்குவாள் என்று காட்ட முடியும். அவள் எப்படிப்பட்டவள் என்று காட்ட முடியாது. அதற்கு அதே மலையில், அதே நிரையில், அதே கிலோவை இழக்கிற இன்னொருத்தி வேண்டும். ஆங்கிலத்தில் இப்படியான பாத்திரத்தை ஃபொயில் என்கிறார்கள். நகைக்கல்லுக்கு ஒளி கூட்ட அடியில் வைக்கிற மெல்லிய உலோகத் தகட்டின் பெயர் அது. பிள்ளைகள் 'தகடு' என்றே வைத்துக்கொண்டார்கள்.

அப்படித்தான் ராணி வந்தாள். அவளைக் குடிகாரனின் மனைவி, வாயாடி, சோம்பேறி என்றெல்லாம் எழுதப் போய் நிறுத்திக்கொண்டேன். எல்லாவற்றிலும் எதிராக இருந்தால் இரண்டு பேரையும் ஒப்பிடவே முடியாது. எனவே வயது, வறுமை, வேலையில் சுறுசுறுப்பு எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்று. வித்தியாசம் ஒன்றே ஒன்று: அநியாயம் கண்டால் ராணி அந்த நிமிடமே கத்துவாள், மாரியாயி வீட்டுக்குப் போய்க் குறித்து வைப்பாள்.

மடுவக் காட்சியைத் திருப்பி எழுதினேன். இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு கிலோ கழிகிறது. ராணி தராசைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறாள். மாரியாயி முள் நின்ற இடத்தை ஒருதரம் பார்த்துவிட்டுச் சாக்கை மடிக்கிறாள். வசனம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பார்வை பயத்தால் வந்ததல்ல என்று இப்போது தெரிந்தது. பக்கத்தில் ஒருத்தி கத்தும்போது வாயைத் திறக்காமல் இருப்பது அவளாகத் தேர்ந்த காரியமாகிவிடுகிறது.

அடுத்த சிக்கல் உடனே வந்தது. ராணி பேசினால் கைதட்டல், மாரியாயி வந்தால் கொட்டாவி. தகடு கல்லை விழுங்கிவிட்டது. ராணியின் வசனத்தைக் குறைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. அவள் மங்கினால் மற்றவளும் மங்குகிறாள். கடைசியில் இரண்டு பேருடைய குணத்துக்கும் விலை வைத்தேன். கத்தியதற்காக ராணிக்கு அன்றைக்கு அரைப்பேர்தான் விழுகிறது, அரைநாள் சம்பளம்தான். மாரியாயி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதற்காக ராணி அவளோடு பேச்சை விடுகிறாள். அந்த இடத்தில் ராணி சொல்வதுதான் நியாயம். "சொவத்துல எழுதி வச்சா சொவரா வந்து கேக்கும்?" என்கிறாள். மாரியாயிக்கு மறுமொழி இல்லை. தகடும் சில இடத்தில் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாயகி ஜெயிப்பதற்கு மதிப்பில்லை.

அதன் பிறகுதான் முடிவை எழுத முடிந்தது. மாரியாயி கணக்கைக் கொப்பியில் எடுத்துக்கொண்டு, காலையில் எல்லாரையும் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்துக்கு வருகிறாள். குரல் எழவில்லை. கொப்பியை ராணியிடம் நீட்டுகிறாள். ராணி கத்தாமல், திகதி திகதியாக, நிதானமாக வாசிக்கிறாள். நடுவில் ஓர் எண்ணை அவள் தப்பாக வாசிக்க, "ரெண்டு இல்ல, மூணு!" என்று மாரியாயி கத்துகிறாள். நாடகம் முழுக்க அவள் குரலை உயர்த்துவது அந்த ஓரிடத்தில் மட்டும்.

கடைசி ஒத்திகையைப் பார்க்க, ராணியாக நடித்த பிள்ளையின் அம்மா மலையிலிருந்து நேரே வந்திருந்தார். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை. முடிந்ததும், "நல்லாருக்கு சேர். ஆனா எங்க மலையில ராணிங்க நெறைய இருக்காங்க. கொப்பிதான் இல்ல" என்றார்.