ட்ரேட் லைசென்ஸ் நோட்டீஸ் வந்துச்சா? எவ்ளோ, என்ன பேப்பர், எந்த தேதிக்குள்ள

சென்னைல கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் சின்ன கடைங்களுக்கு கணக்கு எழுதி ஜிஎஸ்டி போட்டுக் குடுக்குறது என் வேலை. பிப்ரவரி மாசம் ஆனா கார்ப்பரேஷன்ல இருந்து லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் வர ஆரம்பிச்சிடும், கடைக்காரங்க அத அப்படியே மடிச்சு எங்கிட்ட குடுத்துட்டு "பாத்து சொல்லுப்பா"ன்னு போயிடுவாங்க. இந்த வருஷம் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சிக்கு பண்ணினத எழுதுறேன், உங்களுக்கும் அதே மாதிரி பேப்பர் வந்திருந்தா உதவும்.

ரெண்டு பக்க நோட்டீஸ். முக்காவாசி சட்டப்பிரிவு, "தவறும் பட்சத்தில் மேல் நடவடிக்கை எடுக்கப்படும்" மாதிரி வரிங்க. அண்ணாச்சி அந்த ஒரு வரிய படிச்சிட்டே பயந்துட்டாரு, கடைய சீல் வெச்சிடுவாங்களா தம்பின்னு கேட்டாரு. அவருக்கு தேவை மூணே விஷயம்: எவ்ளோ பணம், என்ன பேப்பர், எந்த தேதிக்குள்ள. இந்த மூணையும் பிரிச்சு எடுக்கறப்போ நான் வெச்சிருக்க ஒரே கட்டுப்பாடு, நோட்டீஸ்ல இருக்கறத மட்டும்தான் எழுதணும், போன வருஷம் இவ்ளோ கட்டினோம்னு ஞாபகத்துல இருந்து எதையும் சேக்கக் கூடாது.

முதல்ல தேதி, ஏன்னா குழப்பமே அங்கதான். அந்த பேப்பர்ல மூணு தேதி கணக்கு வருது. மேல நோட்டீஸ் போட்ட தேதி, பிப்ரவரி 12. நடுவுல, இப்ப இருக்க லைசென்ஸ் மார்ச் 31ஓட முடியுதுன்னு. கீழ, "இவ்வறிவிப்பு கிடைக்கப்பெற்ற 15 தினங்களுக்குள்" கட்டணும்னு. அண்ணாச்சி கண்ணுல பட்டது மார்ச் 31 மட்டும்தான், இன்னும் ஒன்றரை மாசம் இருக்கேன்னு நெனச்சிட்டாரு. ஆனா கட்ட வேண்டிய கெடு அது இல்ல, அது லைசென்ஸ் காலாவதி ஆகுற நாள். கெடுன்றது நோட்டீஸ் கைக்கு வந்த நாள்ல இருந்து 15 நாள். கடைப் பையன் கையெழுத்துப் போட்டு வாங்கினது பிப்ரவரி 20, அப்போ மார்ச் 7 வரைக்கும் இருக்கு. ஆனா வாங்கின தேதிய கவர்லயும் எழுதி வெக்கல, யாராவது கேட்டா நம்மகிட்ட காட்ட ஒண்ணும் இல்ல. அதனால நோட்டீஸ் தேதில இருந்தே 15 நாள் எண்ணி பிப்ரவரி 27ன்னு பெருசா எழுதினேன், மார்ச் 7ஐ அதுக்குக் கீழ சின்னதா. கவர் வந்த அன்னைக்கே அது மேல தேதிய எழுதி வெச்சிட்டா இந்த ஒரு வார இழுபறியே கிடையாது.

அடுத்து பணம். உரிமக் கட்டணம் 5,000 ரூபான்னு போட்டிருந்துச்சு, பக்கத்துலயே பரப்பளவு 410 சதுர அடின்னு. கட்டணம் என்ன தொழில், எவ்ளோ எடம்ன்றத வெச்சு வரும், அதனால தொகைய பாத்த உடனே பரப்பளவையும் பாத்துடணும். அண்ணாச்சி கடை அவ்ளோ பெருசு இல்லையேன்னு வாடகை அக்ரிமென்ட்ட எடுத்துப் பாத்தா 230 சதுர அடி. விஷயம் என்னன்னா, கடைக்குப் பின்பக்கம் முன்னெல்லாம் ஒரு குடோன் வெச்சிருந்தாரு, அதையும் சேத்து லைசென்ஸ் எடுத்திருக்காரு, போன வருஷம் குடோன காலி பண்ணிட்டாரு. அத கார்ப்பரேஷனுக்கு யாரும் சொல்லல, அதனால பழைய அளவே வந்திருக்கு. பணத்த கட்டிட்டு அப்புறம் திரும்ப வாங்கிக்கலாம்னு நெனைக்காதீங்க, வாங்குறது ரொம்ப கஷ்டம். கட்டறதுக்கு முன்னாடியே புது அக்ரிமென்ட் காப்பியோட பரப்பளவு திருத்த மனு எழுதி, ஜோனல் ஆபீஸ்ல குடுத்து, நம்ம காப்பில சீலும் தேதியும் வாங்கி வெச்சோம். லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வந்து கடைய டேப் வெச்சு அளந்துட்டுப் போனாரு, தொகை 3,500 ஆச்சு. இது இந்தக் கடையோட கணக்கு, உங்க தொகை உங்க நோட்டீஸ்ல இருக்கறதுதான்.

நோட்டீஸ்ல இன்னும் ரெண்டு எடத்துல பணம் பத்தி வரும், அத ரெண்டையும் இந்த 5,000த்தோட கூட்டிடக் கூடாது. ஒண்ணு அபராதம், அது கெடு தாண்டினாதான், அதனால "லேட்டானா இதுக்கு மேல அபராதம்"னு தனியா ஒரு வரி. இன்னொண்ணு தொழில் வரி கட்டின ரசீது வேணும்ன்றது. தொழில் வரி வேற, லைசென்ஸ் கட்டணம் வேற. தொழில் வரி ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, வருமானத்துக்கு ஏத்த மாதிரி கட்டறது, எவ்ளோ சம்பாதிச்சாலும் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல போகாது. போன அக்டோபர்ல தொழில் வரி கட்டின ரசீத காட்டிட்டு "அதான் கட்டிட்டேனே"ன்னு சொன்ன கடைக்காரங்க எனக்கே தெரிஞ்சு நெறைய பேரு.

பேப்பர் விஷயத்துல நான் நோட்டீஸ்ல இருக்க வரிசையில எழுத மாட்டேன். யார்கிட்ட இருக்குன்னு பாத்து பிரிச்சிடுவேன். பழைய லைசென்ஸ், ஆதார், தொழில் வரி ரசீது, ஃபுட் லைசென்ஸ் இதெல்லாம் அண்ணாச்சி கடையிலயே இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை. ஃபுட் லைசென்ஸோட காலாவதி தேதிய மட்டும் பாத்துக்கணும், அது வேற ஆபீஸ் குடுக்கறது, இதோட சேந்து தானா புதுசாகாது. லேட்டாகுறது கட்டட ஓனர்கிட்ட இருந்து வர வேண்டியது: "நிலுவை ஏதுமின்றி சொத்து வரி செலுத்திய ரசீது". கடை வாடகை, சொத்து வரி கட்டறது ஓனர், அவரு இருக்கறது பெரம்பூர்ல. சும்மா "ரசீது குடுங்க"ன்னு கேட்டா பழைய ரசீது ஒண்ணு வாட்ஸ்அப்ல அனுப்பிடுவாரு. சொத்து வரி பில் நம்பர்ல ஜோன், வார்டு, பில் எண், சப் எண்னு நாலு பாகம் இருக்கும், அத வெச்சு கார்ப்பரேஷன் சைட்ல பாக்கி இருக்கான்னு நாமளே பாத்துடலாம். பாத்தோம், ஒரு அரையாண்டு பாக்கி. அப்போ ஓனர்கிட்ட "அக்டோபர் டூ மார்ச் அரையாண்டு கட்டிட்டு அந்த ரசீத அனுப்புங்க"ன்னு குறிப்பா கேக்க முடிஞ்சுது. அவரும் ரெண்டு நாள்ல கட்டிட்டாரு.

ரசீதுல கதவு எண் பழசு, லைசென்ஸ்ல புதுசு. நம்ம ஏரியால இது சகஜம்தான், இருந்தாலும் மனுலயே "பழைய எண், புதிய எண்" ரெண்டையும் எழுதிட்டோம், கவுன்டர்ல கேள்வி வரல.

மனு, அளவு இதெல்லாம் நடக்கறதுக்கு முன்னாடி, நோட்டீஸ பிரிச்சு பாத்த அன்னைக்கே அண்ணாச்சி செல்லுக்கு அனுப்பினது இவ்ளோதான்:

"அண்ணாச்சி, பிப்ரவரி 27க்குள்ள கட்டணும். நோட்டீஸ்படி 5,000, குடோன கழிக்க மனு குடுத்ததும் புது தொகை சொல்றேன், அதுவரைக்கும் கட்ட வேணாம். லேட்டானா அபராதம் தனி. நீங்க எடுத்து வெக்க வேண்டியது பழைய லைசென்ஸ், ஆதார், தொழில் வரி ரசீது, ஃபுட் லைசென்ஸ். இன்னைக்கே ஓனருக்கு போன் போட்டு சொத்து வரி ரசீது கேளுங்க, அக்டோபர் டூ மார்ச்."

அவரு அத கடைப் பையன் கையால ஒரு பேப்பர்ல எழுத வெச்சு கல்லா மேல ஒட்டிட்டாரு. பிப்ரவரி 26 அன்னைக்கு 3,500 கட்டியாச்சு. புது லைசென்ஸ் வந்ததும் பேரு, கதவு எண், பரப்பளவு, எந்த தேதி வரைக்கும் செல்லும்ன்ற நாலையும் நோட்டீஸ், திருத்த மனு ரெண்டோடயும் வெச்சு சரி பாத்தோம், 230 சதுர அடின்னு சரியா இருந்துச்சு. சரி பாத்த பின்னாடிதான் ஃப்ரேம் போடக் குடுத்தாரு.