அமாவாசை வாடகையும் பழைய விளம்பரமும்

ராமேஸ்வரத்து விடுதி விளம்பரங்களைக் கவனித்துப் பார்க்க வேண்டிய நேரம், ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முந்தைய வாரம். கணக்குக்கு ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். ‘ஏசி அறை, 4 பேருக்கு ₹1,800, அக்னி தீர்த்தத்துக்கு நடந்தே போகலாம்’ என்று கூகுள் தேடலில் விளம்பரம் ஓடுகிறது. கூட்டம் வரப்போகிறதென்று தளத்தில் வாடகையை ₹2,600 ஆக்கிவிடுகிறார்கள். விளம்பரத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு கிளிக் ₹9 என்றால் 200 கிளிக்குக்கு ₹1,800 செலவு. முன்பு அதில் 8 பேர் அறை பதிந்தார்கள். 4 சதவீதம், பதிவுக்கு ₹225. இப்போது 2 பேர்தான். 1 சதவீதம், பதிவுக்கு ₹900. கிளிக் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் விலையை ஏற்றிவிட்ட நாளில் ₹1,800 என்று பார்த்தால் யார்தான் தொடமாட்டார்கள்? அதனால்தான் விளம்பரம் நன்றாக ஓடுகிறது என்று முதலாளி நினைத்துக்கொள்கிறார்.

விலை ஏமாற்றம் முதலில் தெரிவது பதிவு எண்ணிக்கையில். தேடல் சொல்லுக்குக் கூகுள் தரும் தர மதிப்பெண் அடிபடுவது பெரும்பாலும் வேறொரு பழக்கத்தால்: கிளிக் செய்தவரை நேரே முகப்புப் பக்கத்தில் இறக்கிவிடுவது. அங்கே கோபுரப் படம், ‘நல்வரவு’, விடுதியின் வரலாறு. நான்கு பேர் ஏசி அறையைத் தேடிப் பிடிக்க இன்னும் இரண்டு தட்டு தட்ட வேண்டும்.

1 முதல் 10 வரையான அந்த மதிப்பெண் மூன்று கூறுகளால் ஆனது: கிளிக் வாய்ப்பு, தேடலுக்கு விளம்பரத்தின் பொருத்தம், பக்க அனுபவம். அதே சொல்லுக்கு விளம்பரம் காட்டிய மற்றவர்களோடு, கடந்த 90 நாளை வைத்து ஒப்பிடுகிறார்கள். விளம்பரக் கணக்கில் கிளிக் வாய்ப்பைக் காட்டும் `Exp. CTR` நன்றாக இருந்து, பக்க அனுபவத்தைக் காட்டும் `Landing page exp.` மட்டும் `Below average` என்று நின்றால், ஆளை இழுக்கிறோம், வந்தவருக்குப் பக்கம் பதில் சொல்லவில்லை என்று சந்தேகிக்கலாம். எந்த விளம்பரம் எந்த இடத்தில் வரும் என்று ஒவ்வொரு தேடலிலும் முடிவு செய்யும் ஏலத்தில் அந்த எண் நேரடியாகப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு ஏலத்திலும் பக்கத்தின் தரத்தைத் தனியே எடைபோடுகிறார்கள். அது மோசமானால் அதே இடத்துக்குக் கூடுதல் விலை கேட்க வேண்டிவரும்.

சோதிக்க, விளம்பரத்தின் இறுதி முகவரியை நகலெடுத்து போனில் திறக்க வேண்டும். சொந்த விளம்பரத்தையே தட்டிப் பார்த்தால் அதற்கும் காசு போகும். விரலால் தள்ளாமலே ஏசி, 4 பேர், விலை, தீர்த்தத்துக்கு எவ்வளவு தூரம் என நான்கும் கண்ணில் பட வேண்டும். தமிழில் விளம்பரம் என்றால் பக்கமும் தமிழில். வந்தவர்கள் முதல் திரையிலேயே திரும்பினால் பொருத்தமின்மையைச் சந்தேகிக்கலாம். பணம் கட்டும் இடம்வரை வந்து நின்றுவிட்டால் பழுது வேறெங்கோ.

அமாவாசைக்கென்று ₹2,600 போட்ட தனி விளம்பரத்தை முன்பே எழுதி நிறுத்தி வைக்கலாம். தளத்தில் வாடகை மாறும் அதே வேளையில் பழையதை நிறுத்தி இதை ஓடவிட வேண்டும். கிளிக் குறையும், குறையட்டும். மதிப்பெண் மறுநாளே ஏறிவிடாது. பக்க அனுபவத்தின் முந்தைய நிலையைக் காட்டும் `Landing page exp. (hist.)` நெடுவரிசையை வைத்துக்கொண்டு சில வாரம் பார்த்துவர வேண்டும்.