P-17க்கு மூன்று விடைகள்

ஒரே ஷீட், ஒரே ஃபார்முலா. P-17 என்ற இயந்திரத்துக்கு என் கணினியில் 0 என்று வந்தது, சர்வீஸ் குழுவின் பொறுப்பாளர் கணினியில் 69 என்று வந்தது, சரியான விடை 75. அந்த ஒரு நாள் மதியம் முழுக்க இதிலேயே போனது. "இரண்டாவது பொருத்தத்தை எடுப்பது எப்படி" என்று யாராவது கேட்டால் ஃபார்முலாவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல் "எதில் இரண்டாவது?" என்று நான் திருப்பிக் கேட்பது அன்றிலிருந்துதான்.

வேலை இதுதான். பழுதுபார்த்த பதிவேடு ஒன்று எக்செல்லில் இருந்தது. ஒவ்வொரு இயந்திரமும் முதல் தடவை பழுதான நாளுக்கும் இரண்டாவது தடவை பழுதான நாளுக்கும் நடுவே எத்தனை நாள் ஓடியது என்று கண்டுபிடிக்க வேண்டும். உண்மையான பதிவேட்டில் ஆயிரக்கணக்கான வரிகள். பிரச்சினையைப் புரிந்துகொள்ள ஏழு வரி போதும்:

```
     A      B            C
2    P-17   03-02-2023   பெல்ட்
3    P-09   06-02-2023   மோட்டார்
4    P-17   03-02-2023   பேரிங்
5    P-22   11-02-2023   சென்சார்
6    P-17   19-04-2023   பெல்ட்
7    P-09   02-05-2023   பெல்ட்
8    P-17   27-06-2023   மோட்டார்
```

முதல் பழுதின் தேதிக்கு VLOOKUP போதும். சரியான பொருத்தம் கேட்டால் அது மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும். அதற்குக் கீழே அதே எண் இன்னும் மூன்று முறை இருக்கிறதா, முப்பது முறை இருக்கிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. XLOOKUP வந்த பிறகு கீழிருந்து மேலாகத் தேடவும் முடிகிறது, அதாவது கடைசிப் பொருத்தம் கிடைக்கும். நடுவில் இருப்பதை எடுக்க அதிலும் நேரடி வழி இல்லை.

அதனால் பலரும் செய்வதையே நானும் செய்தேன், பக்கத்தில் ஓர் உதவி நெடுவரிசை. ஒவ்வொரு வரியும் அந்த இயந்திரத்துக்கு எத்தனையாவது வரி என்று எண்ணி, எண்ணோடு ஒட்டி ஒரு புதுச் சாவி:

```
D2:  =A2&"|"&COUNTIF($A$2:A2,A2)
```

இதைக் கீழே இழுத்தால் P-17|1, P-09|1, P-17|2 என்று ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிச் சாவி கிடைத்துவிடும். மேல் எல்லை டாலர் குறியோடு நிற்கிறது, கீழ் எல்லை வரியோடு நகர்கிறது, மொத்த உத்தியும் அதுதான். நடுவில் இருக்கும் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் ஒட்டினால் P-1இன் 12ஆவது வரியும் P-11இன் 2ஆவது வரியும் P-112 என்று ஒரே சாவியாகிவிடும், MATCH மேலே இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். எங்கள் எண்களில் இரண்டு இலக்கமும் மூன்று இலக்கமும் கலந்திருந்ததால் இதை முதல் நாளே பார்த்துவிட்டேன். இயந்திர எண் F2வில் இருந்தால், இரண்டாவது தேதி இப்படி வரும்:

```
=INDEX($B$2:$B$8,MATCH(F2&"|2",$D$2:$D$8,0))
```

வேகத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த COUNTIF ஒவ்வொரு வரியிலும் தலையிலிருந்து எண்ணுகிறது. 40,000 வரி இருந்தால் ஏறத்தாழ 80 கோடி ஒப்பீடு, ஒரு செல்லைத் திருத்தினாலே ஷீட் உறைந்து நிற்கும். இயந்திர எண் வாரியாக அடுக்கி வைத்த ஷீட் என்றால் `=IF(A2=A1,E1+1,1)` மாதிரி ஒன்றை E-யில் வைத்து, மேலே இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகலாம், வரிக்கு ஓர் ஒப்பீடுதான்.

சரி, P-17க்கு வருவோம். அறிக்கையைப் பார்த்த பொறுப்பாளர் மேடம் நேராக என் மேசைக்கு வந்தார். "பதினேழுக்கு இடைவெளி ஜீரோ நாள்னு போட்டிருக்கீங்க. ஒரே நாள்ல ரெண்டு தடவை யாரும் போகலையே?" என்று கேட்டார். ஃபார்முலாவைத் திறந்து பார்த்தேன், அதில் ஒரு பிழையும் இல்லை. P-17இன் இரண்டாவது வரி எது? நான்காம் வரி, தேதி 03-02-2023. முதல் வரியின் தேதியும் அதேதான். கழித்தால் 0. அவர் தன் இடத்துக்குப் போய் அதே கோப்பைத் திறந்து, அவர் பழக்கப்படி புதிய தேதி மேலே வரும்படி அடுக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு அறுபத்தொன்பதுன்னு காட்டுதே" என்று அங்கிருந்தே சொன்னார்.

அடுக்கியதும் COUNTIF மறுபடி எண்ணியிருக்கிறது. இப்போது P-17|1 என்பது ஜூன் 27, P-17|2 என்பது ஏப்ரல் 19. முதலாவது, இரண்டாவது என்ற பெயர் அப்படியே இருக்கிறது, அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் நாள்தான் மாறிவிட்டது. நியாயமாகப் பார்த்தால் -69 என்று வந்து காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். நாள் கணக்கில் மைனஸ் வரக்கூடாது என்று நான் ABS போட்டு வைத்திருந்தேன், அது அந்த எச்சரிக்கையையும் அழித்துவிட்டது. அன்றோடு தேதி வித்தியாசத்துக்கு ABS போடுவதை விட்டுவிட்டேன். மைனஸ் வந்தால் வரட்டும், வரிசை புரண்டிருக்கிறது என்று அதுதான் முதலில் சொல்லும்.

இதில் 69ஐச் சரிசெய்வது எளிது. வரி இருக்கும் இடத்தைப் பார்க்காமல் தேதியைப் பார்த்து எண்ணினால் போதும், ஷீட்டை யார் எப்படி அடுக்கினாலும் கவலை இல்லை. இந்த இயந்திரத்துக்கு இதைவிட முந்தைய தேதி எத்தனை இருக்கிறது என்று COUNTIFS கொண்டு எண்ணி ஒன்று கூட்டலாம். அப்படிச் செய்து பார்த்தேன். P-17க்கு 1, 1, 3, 4 என்று வந்தது. இரண்டே இல்லை! ஒரே தேதியில் இரண்டு வரி இருப்பதால் இரண்டும் ஒன்றாம் இடத்தைப் பிடித்துக்கொண்டன, P-17|2ஐத் தேடிய MATCH #N/A என்று கைவிரித்தது.

உண்மையான கேள்வி அந்த #N/Aவில்தான் எனக்கு உறைத்தது. பிப்ரவரி 3ஆம் தேதி பழுதுபார்ப்பவர் ஒரு தடவைதான் போயிருக்கிறார். பெல்ட்டையும் மாற்றினார், பேரிங்கையும் மாற்றினார், பாகத்துக்கு ஒரு வரி என்று இரண்டு வரி எழுதினார். பதிவேட்டில் ஒரு வரி என்றால் ஒரு பாகம். என் கேள்வியோ எத்தனை தடவை பழுது என்பது. இரண்டாவது வரியைத் தேடிக்கொண்டு நான் எத்தனை அழகான ஃபார்முலா எழுதினாலும் இரண்டாவது பழுது கிடைக்காது, ஏனென்றால் அந்த ஷீட்டில் பழுதுக்கென்று தனி வரியே இல்லை. சமமாக வரும் தேதிகளை மேலிருந்து கீழாகப் பிரித்து 1, 2 என்று எண் கொடுக்கவும் ஒரு வழி உண்டு. அதைப் போட்டிருந்தால் #N/A போய்விடும், பழைய 0 திரும்பி வந்திருக்கும்.

தேவைப்பட்டது வேறுவேறு தேதிகளில் இரண்டாவது. எக்செல் 2021 அல்லது மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் உதவி நெடுவரிசையே வேண்டாம்:

```
=INDEX(SORT(UNIQUE(FILTER($B$2:$B$8,$A$2:$A$8=F2))),2)
```

உள்ளிருந்து வெளியே படித்தால் நான்கு படி. P-17இன் தேதிகளை மட்டும் பொறுக்கு, ஒரே தேதி திரும்ப வந்தால் ஒன்றாக்கு, பழையதிலிருந்து அடுக்கு, அதில் இரண்டாவதைக் கொடு. 19-04-2023 வருகிறது, பிப்ரவரி 3ஐக் கழித்தால் 75. கடைசியில் இருக்கும் 2ஐ 3 ஆக்கினால் மூன்றாவது பழுது. தேதியோடு நேரமும் பதிவாகியிருந்தால் UNIQUE காலை பத்து மணியையும் பதினொரு மணியையும் வேறுவேறு என்று எடுத்துக்கொள்ளும், அப்போது FILTERஐ INT(…)க்குள் வைத்து நேரத்தை வெட்டிவிட வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து போய்ப் பார்த்த ஒரே பழுதை இது இரண்டாகத்தான் எண்ணும், அதற்குப் பதிவேட்டில் புகார் எண் என்று ஒரு நெடுவரிசை இருந்தால்தான் தீர்வு. எங்களிடம் அப்போது அது இல்லை.

தேதியோடு பாகத்தின் பெயரும் வரட்டுமே என்று FILTERக்கு B, C இரண்டையும் கொடுத்து `INDEX(…,2)` என்று கேட்டுப் பார்த்தபோது இன்னொன்று மாட்டியது. P-22க்கு ஒரே வரிதான், இரண்டாவது கிடையாது, பிழை வர வேண்டும். "சென்சார்" என்று வந்தது. கிடைத்தது ஒரே ஒரு வரியாக இருந்தால், INDEX அந்த 2ஐ இரண்டாவது வரி என்று எடுத்துக்கொள்வதில்லை, இரண்டாவது நெடுவரிசை என்று எடுத்துக்கொள்கிறது. `INDEX(…,2,1)` என்று வரியும் நெடுவரிசையும் சேர்த்துச் சொன்னால் ஒழுங்காக #REF! வருகிறது.

குழுவில் சிலரிடம் எக்செல் 2019 இருந்தது, அதில் FILTER கிடையாது. அவர்களுக்கு MINIFS போதுமாக இருந்தது. G2வில் முதல் தேதி, H2வில் அதைவிடப் பெரியவற்றில் சிறியது:

```
G2:  =MINIFS($B$2:$B$8,$A$2:$A$8,F2)
H2:  =MINIFS($B$2:$B$8,$A$2:$A$8,F2,$B$2:$B$8,">"&G2)
```

எனக்கு இது ரொம்பப் பிடித்த ஜோடி. ஒரே தேதி பத்து வரியில் இருந்தாலும் "அதைவிடப் பெரியது" என்று கேட்பதால் தானாகவே தாண்டிப் போய்விடும். ஒரே குறை, ஒன்றும் கிடைக்காவிட்டால் MINIFS பிழை காட்டாது, 0 கொடுக்கும். P-22க்கு இரண்டாவது பழுதே வரவில்லை, ஆகவே H2 = 0, வித்தியாசம் -44,968 நாள். அதைப் பார்த்த ஒரு நண்பர் மைனஸ் வந்தால் 0 என்று ஓர் IF போட்டுச் சரிசெய்துவிட்டார். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது, சராசரிதான் கெட்டுப்போனது. P-17க்கு 75, P-09க்கு 85, சராசரி 80 நாள். P-22இன் 0 உள்ளே நுழைந்ததும் 53 ஆகிவிட்டது. இத்தனைக்கும் அந்த மூன்றில் நன்றாக ஓடுகிற இயந்திரம் அதுதான், திரும்பப் பழுதே ஆகவில்லை.

இப்போது `=IF(H2=0,"",H2-G2)` என்று போட்டிருக்கிறோம். AVERAGE எழுத்து இருக்கும் செல்லை எண்ணுவதில்லை, ஆகவே P-22 கணக்கிலிருந்து விலகி நிற்கிறது. சராசரிக்குப் பக்கத்துச் செல்லில் "இன்னும் இரண்டாவது பழுது வராதவை" எத்தனை என்று எழுதி வைக்கச் சொன்னது மேடம்தான், மாதா மாதம் அவர் முதலில் பார்ப்பதும் அந்த எண்ணைத்தான்.