பதின்மூன்றரை லோடு: பேஸ்மட்டம் நாட்குறிப்பு

ஜூன் 1, 2025, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு வீடியோ கால். ஊரில் அப்போது ஆறரை. மன்னார்குடிப் பக்கம் எங்கள் மனையில் தூண்கள் தரைக்கு மேல் எழுந்து நிற்கின்றன. தரைமட்டத்தில் ஒரு பீம் போட்டு, அதன் மேல் செங்கல் கட்டு இரண்டு வரிசை ஏறியிருக்கிறது. பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்று மேஸ்திரி இன்று முடிவு கேட்டார்.

நான் சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவில் அறை நண்பர்களோடு இருக்கிறேன். வேலை ஒரு சாலை, மண் வேலைத் தளத்தில் சூப்பர்வைசர். அடுத்தவர் மண்ணை நாளெல்லாம் அளக்கிறவனுக்குச் சொந்த மனையை அலைபேசித் திரையில்தான் பார்க்க முடிகிறது.

அப்பா கட்டிய பழைய வீட்டில் திண்ணைக்கு ஏற நான்கு படி இருந்தது. இன்று ஒன்றுதான். வீடு இறங்கவில்லை, சாலைதான் ஏறியது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டே வந்தார்கள். சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு உத்தரவிட்டது நல்லதுதான். ஆனால் அதை மட்டும் நம்பி வீட்டு உயரத்தை முடிவு செய்ய நான் தயாரில்லை.

என் கணக்கு: இன்றைய சாலையின் நடு முதுகிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி வேண்டும். வரும் காலத்தில் இரண்டு முறை சாலை ஏறினால் முக்கால் அடி போகும். கனமழையில் வாய்க்கால் நிரம்பித் தெருவில் நிற்கும் தண்ணீருக்கு இன்னொரு முக்கால் அடி. மொத்தம் 3 அடி. மனை சாலையைவிட 1 அடி தாழ்வு என்பதால் உள்ளே இருந்து பார்த்தால் 4 அடி.

"அஞ்சு அடியாப் போட்டுடலாமே தம்பி, எடுப்பா இருக்கும்" என்றார் மேஸ்திரி. அம்மாவுக்கு முழங்கால் வலி. வாசலுக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது 10 அடி. அதில் வண்டி ஏற்றச் சரிவு போட்டால் செங்குத்தாகிவிடும். அதனால் வண்டி நிற்கும் போர்டிகோவைச் சாலையிலிருந்து 1 அடியில் வைத்து, அங்கிருந்து அரையடிப் படி நான்கு வைத்து வீட்டுக்குள் ஏறலாம் என்று முடிவாயிற்று.

மச்சான் டியூப் லெவலோடு சாலை நடுவில் நின்று மட்டம் எடுத்தான். குறியைச் சாலை ஓரக் கல்லில் வைக்க வேண்டாம், அது நாளை புதைந்துவிடும் என்று சொல்லி, எங்கள் தூண் நான்கிலும் பெயிண்ட் கோடு போடச் சொன்னேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று முக்கால் மணி நேரம் பிளிந்த் பீம் பற்றித்தான் பேச்சு. "கீழேதான் ஒரு பீம் போட்டாச்சே, கட்டுக்கு மேல இன்னொண்ணு எதுக்கு? கம்பிக் காசு தண்டம்" என்கிறார் மேஸ்திரி. கேட்பதில் தவறில்லை. நாலடிக் கட்டு இல்லாவிட்டால் ஒரே பீம் போதும்.

கீழே உள்ள பீம் தூண்களைத் தரைமட்டத்தில் பிணைக்கிறது. அதற்கு மேல், பிளிந்த் பீமோடு சேர்த்து 4 அடி வரும்படி 9 அங்குலச் செங்கல் கட்டு. அந்தக் கட்டுக்குள் இடுப்பு உயரத்துக்கு மண் கொட்டி இடிக்கப் போகிறோம். மண் வெளிப்பக்கம் தள்ளும். மேல் விளிம்பைப் பிடிக்க ஒன்றும் இல்லை என்றால் கட்டு வயிறு தள்ளிவிடும். தலையில் பிளிந்த் பீம் உட்கார்ந்தால் அது இடுப்புக் கயிறு போலச் சுற்றிப் பிடிக்கும். பிறகு மேலே எழும்பும் சுவரின் பாரத்தை ஒரே சீராக வாங்கித் தூண்களுக்குக் கொடுக்கும். ஒரு மூலையில் மண் கொஞ்சம் இறங்கினாலும் சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடுவதைக் குறைக்கும். எங்கள் பொறியாளர் வரைபடத்தில் 9க்கு 12 அங்குலம், மேலே இரண்டு, கீழே இரண்டு 12 மி.மீ. கம்பி, 6 அங்குலத்துக்கு ஒரு ரிங். கழிவுக் குழாய் போகும் இடத்தில் பீமை உடைக்காமல் கீழே கட்டிலேயே குழாய்த் துண்டு வைத்துவிடச் சொன்னேன்.

ஒன்றை மட்டும் எல்லோரும் தவறாக நினைக்கிறார்கள். பிளிந்த் பீம் இருந்தால் தரை இறங்காது என்கிறார்கள். தரைக்கும் பீமுக்கும் சம்பந்தமே இல்லை. சுவர் பீம் மேல் நிற்கிறது. தரை மண் மேல் கிடக்கிறது. என் சித்தப்பா வீட்டு ஹாலில் இதைக் கண்ணால் பார்த்தேன். சுவரில் ஒரு கீறல் இல்லை. ஆனால் ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே விரல் நுழைகிற இடைவெளி. நடு ஹாலில் டைல்ஸைத் தட்டினால் பானையைத் தட்டுவது போல் ஓசை. அடியில் மண் இறங்கிவிட்டது, மேலே கான்கிரீட் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

பீம் போட்டு நான்கு நாள். சாக்கு சுற்றித் தண்ணீர் விடுகிறார்கள். மண் கொட்ட இன்னும் பத்து நாளாவது போகட்டும் என்றேன்.

இன்று தேக்காவில் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, மண் கணக்கை ரசீதின் பின்புறம் போட்டேன். அறைகளின் உட்பரப்பு 900 சதுர அடி. 4 அடியில் தரை கான்கிரீட், கலவை, டைல்ஸுக்கு அரையடி போக 3½ அடிக்கு மண். 3,150 கன அடி. வரும் டிப்பரின் தொட்டியை மச்சான் அளந்து அனுப்பினான்: 12 அடி, 7 அடி, உயரம் 3½. ஒரு லோடு 294 கன அடி, ஏறக்குறைய 3 யூனிட்.

வகுத்தால் 11 லோடு. மேஸ்திரி சொன்னதும் இதே 11. இங்கேதான் உஷாராக வேண்டும். டிப்பரில் வருவது உதிரி மண். நன்றாக இடித்தால் கிராவல் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். 3,150 கன அடி இறுகிய மண்ணுக்கு 3,940 கன அடி உதிரி மண் வேண்டும். அது பதின்மூன்றரை லோடு. 11 லோடில் பேஸ்மட்டம் நிறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், இடிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இரண்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து என்னால் மண்ணைத் தொட முடியாது, லோடை எண்ண முடியும்.

என் மனைவியிடம் சொன்னேன். காலண்டர் தாளின் பின்புறம் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு, எந்த அறையில் விழுந்தது என்பதோடு.

ஜூன் 24, செவ்வாய்

என் வேலைத் தளத்தில் இன்று மணல் சோதனை. இடித்த மண்ணில் சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட்டு, குழியில் அடர்த்தி தெரிந்த மணலைக் கொட்டிக் கன அளவு காண்பது. ஆய்வகத்தில் கண்ட உச்ச அடர்த்தியில் 95 சதவீதம் வராவிட்டால் அந்த லேயரை மறுபடி உருட்ட வேண்டும்.

ஊரில் தராசும் ஆய்வகமும் இல்லாமல் இதையே செய்யலாம் என்று தோன்றியது. ஒரு சாண் குழி தோண்டி, எடுத்த மண்ணை அழுத்தாமல் அதே குழியில் திருப்பிப் போட வேண்டும். இறுகிய மண் என்றால் குழி நிறைந்தும் மீதி மேடாக நிற்கும். தளர்ந்த மண் என்றால் வாய்மட்டத்தோடு நின்றுவிடும். மச்சானுக்குக் குரல் பதிவு அனுப்பினேன்.

மண் விஷயமும் முடிவாயிற்று. அஸ்திவாரம் தோண்டிய களிமண்ணை உள்ளே போடுவதற்கில்லை. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அது கொல்லைப் பக்கம் போகட்டும். உள்ளே கிராவல் மட்டும், வேரும் தழையும் இல்லாமல்.

ஜூன் 28, சனி

இரவு பத்தரைக்கு மனைவி அழைத்தாள்.

"என்னங்க, இன்னைக்கு மூணு வண்டி வந்துச்சு. ரெண்டு படுக்கையறையும் ரொம்பிடுச்சு. தண்ணியும் விட்டுட்டாங்க."

"இடிச்சாங்களா?"

"ஜேசிபியால தள்ளி மேல தட்டிவிட்டாங்க."

படத்தில் மேற்பரப்பு கருத்து, ஈரமாய், தட்டையாக இருந்தது. பார்த்தால் நல்ல வேலை என்றுதான் தோன்றும். இரண்டு அறையும் சேர்த்து 240 சதுர அடி. 3½ அடிக்கு 840 கன அடி. மூன்று லோடு 882. ஏறக்குறைய சுருங்கவே இல்லை என்று கணக்கே சொல்லிவிட்டது. இந்த மண் காலப்போக்கில் முழுதும் அமுங்கினால் தரை ஆறே முக்கால் அங்குலம் வரை இறங்கும்.

தண்ணீர் தேக்குவது மணலுக்கு ஓரளவு உதவும். களி கலந்த கிராவலில் மேல் அரையடி சேறாகும், கீழே கட்டிகளும் நடுவே காற்றும் அப்படியே இருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

மச்சான் 12 மி.மீ. கம்பியை எடுத்துக்கொண்டு அறைக்குள் இறங்கினான். கையால் அழுத்தினான். ஒரு முழம் போய், இரண்டு அடி போய், கம்பி பாதிக்கு மேல் மறைந்தது. கேமராவை மேஸ்திரி பக்கம் திருப்பினான். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

கோபம் வந்தது. காட்டவில்லை. அவர் ஏமாற்றவில்லை, முப்பது வருஷமாக இப்படியே செய்கிறார், யாரும் கம்பி விட்டுப் பார்த்ததில்லை. "மேஸ்திரி, அள்ளி எடுத்திடுவோம். ஜேசிபிக்கு ஆகிற செலவை நான் தர்றேன். இனிமே அரையடிக்கு ஒரு லேயர்" என்றேன்.

"மழை வர்றதுக்குள்ள முடியணுமே தம்பி."

"ஒன்பது லேயர்தான். ஒரு நாளைக்கு ரெண்டு."

பிறகு உட்சுவரில் 5 அங்குலத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு அடிக்கச் சொன்னேன். உதிரியாக அரையடி கொட்டினால் இடித்தபின் 5 அங்குலம் அளவுக்கு நிற்கும். மூன்று லோடுக்கு ஹால், அறை எல்லாவற்றிலும் சுமார் இரண்டு லேயர். ஈரம் பார்ப்பது கையால்: ஒரு பிடி மண்ணை இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் சில துண்டாக உடைய வேண்டும். உருண்டையே நிற்காவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கையில் ஒட்டினால் ஒரு நாள் காயவிட வேண்டும். நடுவில் வாடகை கம்பாக்டர், சுவரோரம் ஒரு அடிக்கு திமிசு மட்டும். கம்பாக்டரைக் கட்டுக்கு ஒட்டி ஓட்டினால் பீம் இருந்தாலும் செங்கல் நகரும்.

ஜூலை 5, சனி

நான்கு லேயர் முடிந்தது. சுவரோரம்தான் எல்லாத் தவறும் நடக்கிறது. நடுவில் கம்பி ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை. ஹாலின் வடகிழக்கு மூலையில் ஒரு சாண் இறங்கியது. அந்த மூலையில் திமிசு போட்ட சித்தாள் அன்று வரவில்லையாம். அதை மட்டும் கிளறி மறுபடி இடித்தார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

கடைசி லேயர் நேற்று. காலண்டர் தாள்களைப் படமெடுத்து அனுப்பினாள். மொத்தம் 14 கோடு. என் கணக்குக்கு அரை லோடு கூட. அந்த அரை லோடு வாசலில் குவிந்து கிடக்கிறது.

குழிச் சோதனையையும் ஹாலில் செய்து காட்டினான் மச்சான். எடுத்த மண்ணைத் திருப்பிப் போட்டபின் ஒரு கொட்டாங்கச்சி மண் மீதம் நின்றது. மேஸ்திரி குனிந்து அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "அடுத்த வீட்டுலயும் பண்ணிப் பாக்குறேன்" என்றார்.

கரையான் மருந்து நாளை. அது ஊறியபின் புதன்கிழமை 4 அங்குலத் தரை கான்கிரீட். வாசலில் இருக்கும் கிராவலைக் குளியலறைத் தாழ்வுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.