புது லாட் வந்தால் வார்ஃபரின் நோயாளிகளைத்தான் தேடுவேன்

ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கும் பிடி பரிசோதனைக்கான த்ரோம்போபிளாஸ்டின் என்ற ரசாயனம் புது லாட்டில் வந்து இறங்கியதும் ஜூனியர் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அக்கா, கன்ட்ரோல் ஓட்டிட்டோம், ரெண்டு லெவலும் ரேஞ்சுக்குள்ள இருக்கு. மாத்திடலாமா?" என்பதுதான். மாற்ற முடியாது. பெரும்பாலான லேப்களைப் போல நாங்களும் கன்ட்ரோலை, அதாவது மதிப்பு முன்பே தெரிந்த சாம்பிளை, வினாடியில்தான் பார்க்கிறோம். மருத்துவர் பார்ப்பதோ, எந்த லேபில் பார்த்தாலும் ஒப்பிடக்கூடியதாக அந்த வினாடியை மாற்றிய ஐஎன்ஆர் என்ற எண்ணை. வினாடி ஐஎன்ஆராக மாறும் இடத்தில் புது லாட்டுக்கே உரிய இரண்டு எண்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று தவறினாலும் கன்ட்ரோல் சமர்த்தாக ரேஞ்சுக்குள்ளேயே நிற்கும்.

ஐஎன்ஆர் கணக்கு இதுதான்:

```
INR = (PT / MNPT)^ISI
```

PT என்பது நோயாளியின் பிடி வினாடி. MNPT என்பது ஆரோக்கியமானவர்களின் சராசரி பிடி. அதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். குறைந்தது இருபது பேரிடமாவது ரத்தம் எடுத்து, புது லாட்டில் ஓட்டி, பெருக்கல் சராசரி எடுக்கிறோம். ஆண், பெண் இருபாலரும் வேண்டும். கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கூடாது. அந்த வாரம் நான் ஊசியோடு வார்டுப் பக்கம் போனால் நர்ஸ்கள் மெதுவாக நழுவிவிடுவார்கள். ISI என்பது அந்த லாட்டின் உணர்திறனைச் சொல்லும் எண். கிட்டுக்குள் வரும் தாளில் கம்பெனியே அதை அச்சிட்டு அனுப்புகிறது.

அடுத்த வேலைதான் முக்கியம். நோயாளிகளின் பிளாஸ்மாவை பழைய லாட்டிலும் புதிய லாட்டிலும் அடுத்தடுத்து ஓட்டி, ஐஎன்ஆரை ஒப்பிட வேண்டும். இதற்கு நார்மல் சாம்பிள்களை மட்டும் எடுத்தால் பாடுபட்டதெல்லாம் வீண். நார்மல் ஆளுக்கு PT / MNPT கிட்டத்தட்ட 1. ஒன்றை எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் ஒன்றுதானே! ISI எவ்வளவு தவறாக இருந்தாலும் அங்கே தெரியாது. அதனால் வால்வு மாற்றியவர்கள் வரும் இதய நோய் ஓபி நாளைப் பார்த்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களில் ஐஎன்ஆர் 2 முதல் 4க்கு மேல் வரை பரவலாக இருக்கும் சாம்பிள்களாகப் பொறுக்குகிறோம். சாம்பிளை ஃபிரிட்ஜில் வைத்து நாளைக்கு ஓட்டலாம் என்பதும் நடக்காது. குளிரில், ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் ஏழு என்ற புரதம் தூண்டப்பட்டு பிடி குறைந்துவிடும். அன்றைய சாம்பிள் அன்றைக்கே, அறை வெப்பநிலையில் வைத்து ஓட்ட வேண்டும். நமக்கு வேண்டிய சாம்பிள் நாம் நினைத்த நாளில் வராது என்பதால், பழைய லாட் தீர இன்னும் சில வாரம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவது நல்லது.

ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். கன்ட்ரோல் சரி, நார்மல் சாம்பிள்கள் இரண்டு லாட்டிலும் 1.0, 1.1 என்று ஒத்துப்போயின. வார்ஃபரின் சாம்பிள்களில்தான் கதை மாறியது. பழைய லாட்டில் 2.0 வந்தவருக்குப் புதிதில் 2.2, 3.0க்கு 3.4, 4.0க்கு 4.7. பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் நிறுத்துவது எங்கள் வழக்கம். நிறுத்திவிட்டு, வித்தியாசம் எப்படி வளர்கிறது என்று பார்த்தேன். தவறு MNPTயில் என்றால் நார்மல் சாம்பிள் உட்பட எல்லாம் ஒரே விகிதத்தில் தள்ளிப்போயிருக்கும். இங்கே 1 பக்கத்தில் வித்தியாசமே இல்லை. மேலே போகப்போக விரிகிறது. அப்படியென்றால் சந்தேகம் ISI மேல்தான்.

தாளை எடுத்துப் பார்த்தோம். ISI கருவிக்குக் கருவி மாறும் என்பதால் தாளில் பல வரிசைகள் இருந்தன. எங்கள் கருவி ஒளியை வைத்து உறைதலைக் கண்டுபிடிப்பது; அதற்கு 1.06. கருவியில் ஏறியிருந்ததோ பக்கத்து வரிசையில் இருந்த, சின்ன உலோகக் குண்டின் அசைவை வைத்துப் பார்க்கும் கருவிக்கான 1.18. சரியான எண்ணைப் போட்டு அதே வினாடிகளைத் திரும்பக் கணக்கிட்டதும் 3.4 என்றது 3.0 ஆனது, 4.7 என்றது 4.0 ஆனது. சாம்பிளை மறுபடி ஓட்ட வேண்டிய தேவைகூட இல்லை. இது கண்ணில் படாமல் போயிருந்தால், மைட்ரல் வால்வு போட்ட, 3.2ல் சரியாக இருக்கும் ஒருவருக்கு 3.7 என்று ரிப்போர்ட் போயிருக்கும். டோஸைக் குறைத்திருப்பார்கள். குறைத்தால் வால்வில் உறைகட்டி வரும் அபாயம்.

அதிலிருந்து அந்தத் தாளில் எங்கள் கருவியின் வரிசையை மார்க்கரால் வட்டமிட்டு இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறோம். லாட் மாறும் அன்று காலை வரும் முதல் வார்ஃபரின் ரிப்போர்ட்டை கால்குலேட்டரில் ஒருமுறை போட்டும் பார்க்கிறோம். கருவி ஒரு பக்கம் ஐஎன்ஆர் கணக்கிட, லேப் மென்பொருள் இன்னொரு பக்கம் தானே கணக்கிடும் இடங்கள் உண்டு. அங்கே எண்ணை இரண்டிலும் மாற்ற வேண்டும். ராத்திரி டியூட்டியில் மட்டும் ஓடும் பேக்கப் கருவியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அதற்கு ISI வேறாக இருக்கலாம், MNPTயும் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஆக, இருபது பேரின் பிளாஸ்மாவை அதிலும் ஓட்டித்தான் ஆக வேண்டும்.