செங்கல் வைத்தாயா?

31 ஜனவரி 2025, வெள்ளி

அப்பா போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பெஞ்சுக்குச் செங்கல் வச்சியா பாப்பா?" காலையில் சர்க்கரை 268 என்று அம்மாதான் சொன்னாள். சர்க்கரை இறங்காமல் ஆபரேஷன் கிடையாதாம். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

1 பிப்ரவரி, சனி

ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து எண்ணினேன். வருஷம் முழுக்க முதல் போணிக் காசு அதில்தான் விழும். ஒரு டீ 12 ரூபாய். கடை பூட்டிக் கிடந்த நாளெல்லாம் போக 347 நாள், 4,164 ரூபாய். தைப்பூசத்துக்குப் பழநி நடக்கிறவர்களுக்கு ராத்திரிக் கஞ்சி ஊற்றுவது இதற்குள்தான் முடிய வேண்டும். வெளியே ஒரு பைசா வாங்கக் கூடாது, கூடுதலாகப் போடவும் கூடாது என்பது அவர் கணக்கு. சின்ன வயதில் இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்திருக்கிறேன்.

நோட்டில் அவர் எழுதி வைத்தது: நொய் 24 கிலோ, பாசிப்பருப்பு 6 கிலோ, மிளகு, சீரகம், இஞ்சி, சுக்கு, மல்லி, கருப்பட்டி, நார்த்தங்காய் ஊறுகாய். ஆறு ராத்திரிக்கு. ராத்திரிக்கு நாலு கிலோ நொய். அதுவும் ரெண்டு ரெண்டு கிலோவாக, ரெண்டு ஈடு. "ரெண்டு ஈடு" என்பதன் கீழே கோடு போட்டிருக்கிறார்.

மொத்தமாக ஒரே தடவையில் வைத்தால் விறகாவது மிஞ்சுமே.

2 பிப்ரவரி

திரும்பவும் செங்கல். "வைக்கிறேன்பா" என்று சொல்லிவிட்டு வைக்கவில்லை.

3 பிப்ரவரி, திங்கள்

பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர் வந்தார். 25 கிலோ அரிசி தருகிறாராம், வாடகை அண்டாவும் அவரே எடுத்துத் தருகிறாராம். ஒரு பிளக்ஸ் மட்டும் கட்ட வேண்டும். அப்பா இருந்திருந்தால் டீயைக் கொடுத்து அனுப்பியிருப்பார். நான் சரி என்றுவிட்டேன். அப்பா படுத்திருக்கிற இந்த வருஷம் இன்னும் நாலு பேருக்குக் கூடுதலாகப் போனால் முருகன் பார்த்துக்கொள்வான் என்று ஒரு நினைப்பு. அதை வெளியே சொல்லக்கூட இல்லை. இங்கே எழுதுகிறேன்.

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. பாய்லரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

5 பிப்ரவரி, புதன்

பழநியில் இன்று கொடியேற்றம். இங்கே முதல் ராத்திரி.

கடை விருப்பாட்சி தாண்டி, சத்திரப்பட்டிக்கு முன்னால் இருக்கிறது. திண்டுக்கல்லில் இருந்து வருகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து பகலில் எங்காவது படுத்துவிட்டு, ஒட்டன்சத்திரத்தில் ராத்திரி பத்து மணி வாக்கில் கிளம்புவார்கள். சாலையோரப் பந்தல்களில் சாம்பார் சாதம், பொங்கல், கேசரி என்று எல்லாம் உண்டு. பதினொரு மணிக்குள் அடுப்பை அணைத்துவிடுவார்கள். நம் கடை முன்னால் கூட்டம் வருவதோ இரண்டு மணிக்கு மேல். அந்த நேரத்தில் இந்தப் பக்கம் எரிகிற ஒரே அடுப்பு இதுதான் என்று எனக்கு இன்றுதான் தெரியும். இத்தனை வருஷமும் அந்நேரம் உள்ளே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் ஒளிரும் குச்சிகள்தான் தெரிகின்றன. பச்சையும் மஞ்சளுமாக இருட்டில் ஆடிக்கொண்டு வருகின்றன. அப்புறம் கால் சத்தம். வெறுங்காலில் நூறு பேர் நடந்தால் கூட்டுமாறு தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. அந்நேரத்துக்கு யாரும் பாடுவதில்லை.

பாசிப்பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, நொய்யோடு சேர்த்து, கிலோவுக்குப் பத்து லிட்டர் தண்ணீர். உப்பு வீட்டுக்குப் போடுவதைவிட ஒரு பிடி கூட. வேர்த்து நடந்தவர்களுக்கு அதுதான் ருசிக்கும் என்று மாஸ்டர் சொன்னார். விரதக்காரர்கள் இருப்பதால் வெங்காயம், பூண்டு கிடையாது. கிலோவுக்கு நாற்பது டம்ளர் வந்தது. ரெண்டு ஈடுக்கும் சேர்த்து 160.

மூணு மணி சுமாருக்கு ஒரு பாட்டி வந்தார். பெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார். நான்தான் பாயை விரித்து "உக்காருங்கம்மா" என்றேன். உட்கார்ந்து கஞ்சியைக் குடித்தார். ஆனால் எழ முடியவில்லை. முட்டி மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது. கையை ஊன்றினார், பெஞ்சுக் காலைப் பிடித்தார், முடியவில்லை. ரெண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினோம். அப்போது அவர் முகம் போன போக்கு! வலியைவிட வெட்கம்தான் அதிகம். "இத்தன தூரம் நானாத்தான் வந்தேன் தாயி" என்றார்.

நாலே முக்காலுக்குச் செங்கல் எடுத்து வந்து ரெண்டு பெஞ்சின் எட்டுக் காலுக்கும் வைத்தேன். படுக்கை வாக்கில் மூணு அங்குலம். உட்கார்ந்து பார்த்தேன். முட்டி பாதிதான் மடங்குகிறது. கையை ஊன்றாமல் எழ முடிகிறது.

6 பிப்ரவரி

"வச்சிட்டேன்பா."

"ம்."

7 பிப்ரவரி, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

தானமாக வந்த அரிசியில் 15 கிலோவை வாடகை அண்டாவில் சாயங்காலம் ஏழு மணிக்கே வடித்துவிட்டேன். ராத்திரிக்கு எலுமிச்சை சாதம். சூடு போகக் கூடாது என்று மூடி போட்டு, மேலே ஈரச் சாக்கும் போர்த்தினேன். ஒரு மணிக்குக் கிளறலாம் என்று கரண்டியை விட்டேன். மேலே பொலபொலவென்று இருந்த சோறு நடுவில் பிசுபிசுத்தது. விரலில் எடுத்துப் பிரித்தால் லேசாக நூல் விட்டது. புளிப்பு என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு வாடை.

எலுமிச்சை பிழிந்தால் வாடை தெரியாது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை.

மாஸ்டர் கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார். "நடக்கிறவன் வயித்துல போயி நாலு மணிக்கு வேலையக் காட்டும். ஆஸ்பத்திரி எங்க இருக்கு, இவன் எங்க இருப்பான்?" என்றார். அவ்வளவுதான் பேசினார். தென்னந்தோப்பில் குழி வெட்டி அவ்வளவு சோற்றையும் புதைத்தோம். மாட்டுக்குக்கூட வைக்க விடவில்லை.

காலையில் படித்துப் பார்த்தேன். அரிசியோடு ஒட்டி வருகிற ஒரு கிருமியின் வித்து, கொதிக்கிற தண்ணீரிலும் சாவதில்லை. சோறு சூடாகவும் இல்லாமல் ஆறவும் இல்லாமல் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் அது பெருகி நஞ்சு விடும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. பெரிய அண்டாவில் ஓரம் ஆறிவிடும், நடு ஆறாது. வடித்ததும் வெள்ளைத் துணியில் பரப்பி ஆற வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நேரத்துக்கு வடித்து, சூட்டோடு கொடுத்து முடித்திருக்க வேண்டும். ரெண்டு கிலோ, ரெண்டு ஈடு. அந்தக் கோடு.

இன்னொன்றும். சாயங்காலம் பிளக்ஸ் கட்ட வந்த பையன்கள் ராத்திரியும் இருந்தார்கள். கஞ்சி வாங்குகிறவர்களைப் பிளக்ஸ் தெரிகிற மாதிரி நிறுத்திப் போனில் படம் எடுத்தார்கள். ஒரு பெண் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, டம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பாதிக்கு மேல் இருந்தது. அவருக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நடை இருந்திருக்கும்.

8 பிப்ரவரி

சர்க்கரை 190. பிளக்ஸை அவிழ்த்துச் சுருட்டி, மீதி அரிசியோடும் அண்டாவோடும் திருப்பிக் கொடுத்தேன். புதைத்த 15 கிலோவுக்கு என் கைக்காசைக் கொடுத்தேன். கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும்.

9 பிப்ரவரி, ஞாயிறு

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ரெண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. மாஸ்டர்தான் சொல்லியிருப்பார்.

"நானும் ஒரு வருசம் கொட்டியிருக்கேன் பாப்பா. தயிர்சாதம். பகல்ல." அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "காசு கூட வந்துச்சு, பெரிய சட்டி வாங்குனேன். பெரிய சட்டி வந்தா முன்னாடியே ஆக்கி வைக்கச் சொல்லும்."

விலைப் பலகையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். நேற்று ஒருவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே போய்விட்டார்.

"எடுக்காத. கூப்பிடு. குடிச்சிட்டுக் காசு குடுத்தா வேணாம்னு சொல்லாம வாங்கிக்க. சில பேருக்குச் சும்மா குடிச்சா தொண்டையில இறங்காது. அந்தக் காச பாட்டில்ல போடு, அடுத்த வருசத்துக்கு."

அடுத்த வருசத்துக்கு என்றார். போனை வைத்த பிறகும் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

10 பிப்ரவரி, திங்கள்

திருக்கல்யாணம். கூட்டம் நெரிந்தது. நொய்யை அரைக் கிலோ கூட்டலாமா என்று கை போனது. கூட்டவில்லை. அதற்குப் பதில் ஒன்றே முக்காலுக்கு ஒன்று, மூணரைக்கு ஒன்று என்று ஈட்டின் நேரத்தைத் தள்ளிப் போட்டேன். கஞ்சி தீர்ந்த இடைவெளியில் வந்தவர்களுக்குச் சுக்குக் காப்பி கொடுத்தோம். யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை.

கல்லூரி படிக்கிற வயதில் ஒரு பையன். குதிகாலில் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம். ஊசி கேட்டான். கொடுக்கவில்லை. குத்தினால் தோல் போகும், தோல் போனால் தார் ரோட்டு மண் உள்ளே போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவி, ஈரம் ஒற்றி, பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து, கொப்புளத்தைச் சுற்றி வளையமாக வைத்துக் கட்டினேன். கொப்புளத்தின் மேல் எதுவும் அழுந்தாது. அப்பா கட்டுவதை ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை. கைக்கு நினைவிருந்தது.

அவன் பெஞ்சில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்தான்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். விடியும்போதே சாலை வெறிச்சோடிவிட்டது. எல்லோரும் பழநி சேர்ந்திருப்பார்கள். திரும்புகிறவர்கள் பஸ்ஸில்தான் போவார்கள். சாயங்காலம் தேரோட்டத்தை மாஸ்டர் போனில் பார்த்தோம்.

நொய் முக்கால் கிலோ மிச்சம். காசு கொடுத்தவர்கள் கொடுத்தது 386 ரூபாய். பாட்டிலில் போட்டு மூடினேன்.

சர்க்கரை 148. நாளைக்குக் காலை ஏழு மணிக்கு என்று சொல்லிவிட்டார்கள். அம்மா, தம்பி, சித்தப்பா மூவரும் அங்கே இருக்கிறார்கள். நான் விடிகாலை முதல் பஸ்ஸில் போகிறேன்.

12 பிப்ரவரி, புதன், காலை 6.40

உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் பார்க்க விட்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, "செங்கல எடுத்துட்டியா?" என்றார்.

"இல்லப்பா."

"இருக்கட்டும்."